ஆஷ்பர்னில் மணி ஒன்பது

வடசென்னைச் செய்தித்தளமான ‘வடகரை மணி’யை உலகத்திலேயே அதிகம் பேர் வாசிக்கிற ஊர் எது என்று கேட்டால், ராயபுரம் என்றுதான் நீங்களும் நானும் சொல்லுவோம். தப்பு. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், ஆஷ்பர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேதான் மாதம் பதினெட்டாயிரம் பேர் வாசிக்கிறார்கள். சென்னை இரண்டாவது இடம், அதுவும் எட்டாயிரத்தைத் தாண்டாது. இதைக் கண்டுபிடித்தவர் அந்த இணையதளத்தின் நிறுவனரும் ஆசிரியருமான அலெக்ஸாண்டர். கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

அதற்கு முன்னால் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் தொழில், கீழே அலுவலகம், மாடியில் ஒரு அறையில் ‘வடகரை மணி’. மாதா கோயில் திருவிழா, மீன்பிடித் தடைக்காலம், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், மணலிக் காற்றின் நாற்றம், குடிநீர் லாரி வராத தெரு என்று அந்தந்த நாள் செய்தி வரும். எல்லாவற்றுக்கும் மேலே மரண அறிவிப்பு. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை யார் செத்தாலும் பெயர், படம், எந்தக் கோயிலில் பூசை, எத்தனை மணிக்கு அடக்கம், எல்லாம் இருக்கும். ஊர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கும். இது அலெக்ஸாண்டருக்குக் கொஞ்சம் அவமானம். நாம் உலகத் தமிழர்களுக்காகத் தலையங்கம் எழுதுகிறோம், இவர்கள் எவன் போனான் என்று பார்க்க வருகிறார்களே என்று.

தளத்தில் எதை எத்தனை மணிக்கு வெளியிடுவது என்பது ஃப்ளோரன்ஸின் வேலை. நாற்பத்திரண்டு வயது, பனைமரத்தொட்டியில் வீடு, பன்னிரண்டு வருஷமாக இதே மாடி. முந்தின நாள் சாயந்திரமே எல்லாவற்றையும் ஏற்றி, தேதியும் நேரமும் குறித்து வைத்துவிட்டுப் போவாள். குறித்த நேரத்துக்குத் தளம் தானாக வெளியிட்டுக்கொள்ளும். மரண அறிவிப்புக்கு அவள் வைத்த நேரம் காலை ஐந்து. ஏதோ குத்துமதிப்பாக வைத்ததில்லை அது. வாசகர் கணக்கைக் காட்டும் அனலிட்டிக்ஸில் சென்னை வாசகர்களை மட்டும் பிரித்து, மணி வாரியாகப் போட்டுப் பார்த்து வைத்தது. நாலரைக்கு வரைபடம் மெல்ல எழும்பும், ஐந்தே காலுக்கு உச்சிக்குப் போகும், ஆறரைக்கு இறங்கிவிடும். மறுபடி பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு சின்ன மேடு. மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், முதல் ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், தூக்கம் போன கிழவர்கள், எல்லாரும் அந்த விடிகாலையில்தான் போனைத் திறக்கிறார்கள். அவளுக்கு அது தெரியும்.

ஜூன் மாதம் ஒரு நாள் அலெக்ஸாண்டர் அந்த அனலிட்டிக்ஸைத் தானே திறந்து, ஊர்ப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஃப்ளோரன்ஸ்! யாரும்மா இது, ஆஷ்பர்ன்? நம்ம ஆளுங்க இவ்வளவு பேரு அங்க இருக்காங்களா? பன்னெண்டு வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே நீ!”

“சார், அது ஆளுங்க இல்ல. அந்த ஊர்ல பெரிய பெரிய கம்பெனிங்களோட கம்ப்யூட்டர் கூடம் இருக்கு. தானா ஓடுற புரோகிராமு வந்து பக்கத்தத் தொட்டுட்டுப் போகுது. பாருங்க, ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் படிக்கிறாங்கன்னு போட்டிருக்கு. பூஜ்யம் செகண்டு.”

“அமெரிக்காவுல எல்லாமே வேகம்மா.”

“எல்லாருக்கும் ஒரே அளவு ஸ்கிரீன் சார். எண்ணூறுக்கு அறுநூறு.”

“ஒரே கம்பெனியில வேல செய்வாங்க. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் குடுப்பான்.”

“பாஷை இங்கிலீஷ்னு வச்சிருக்காங்க. தமிழ்ப் பக்கத்த எப்படி சார் படிப்பாங்க?”

“நாகரிகமாயிட்டாங்க. மனசு தமிழ்தான்.”

ஃப்ளோரன்ஸ் விடவில்லை. ஆஷ்பர்ன் வாசகர்களையும் மணி வாரியாகப் பிரித்துக் காட்டினாள். இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராகக் கோடு ஓடியது. புதிதாக எதையாவது வெளியிட்டால் அடுத்த நிமிஷமே ஒரு துள்ளல். மனுஷனாகப் பிறந்தவன் எப்போதாவது தூங்கமாட்டானா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்காவது போகமாட்டானா என்று கேட்டாள். அலெக்ஸாண்டர் கண்கலங்கிவிட்டார். தூங்காமல் தாய்மண்ணை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இந்த மனுஷரிடம் இனி என்ன பேசுவது? அவள் போய் டீ குடித்தாள்.

மறுநாளிலிருந்து புது உத்தரவு. எல்லாமே இந்திய நேரம் மாலை ஆறரைக்குத்தான். அப்போதுதான் ஆஷ்பர்னில் காலை ஒன்பது. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்களாம், அப்போது ஏழரைக்கு மாற்ற வேண்டும் என்று டைரியில் வேறு குறித்துக்கொண்டார். மேஜைக்கு மேலே இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டி, அடியில் ‘ஆஷ்பர்ன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார். தலையங்கம் ‘கடல் கடந்த சொந்தங்களே’ என்று ஆரம்பித்தது. மரண அறிவிப்புக்காவது விலக்கு கொடுங்கள் என்று ஃப்ளோரன்ஸ் கெஞ்சினாள்.

“ராத்திரி செத்தவங்களுக்கு மறுநாள் சாயந்திரம் அடக்கம் சார். ஆறரைக்குப் போட்டா, மண்ணு மூடினதுக்கு அப்புறம்தான் ஊருக்குத் தெரியும்.”

“ஊருக்குத் தெருவுல தெரிஞ்சிடும்மா. ஆஷ்பர்னுக்கு யாரு போய்ச் சொல்லுவா?”

இரண்டு மாதத்தில் சென்னை வாசகர்கள் எட்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கினார்கள். ஆஷ்பர்ன் இருபதாயிரம் ஆனது. பார்த்தாயா என்றார் அலெக்ஸாண்டர்.

ஃப்ளோரன்ஸின் கவலை வேறு. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் ஆசீர்வாதம் என்று ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் இல்லை, சொந்தம் இல்லை. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. மாதம் ஒருமுறை மாடிப்படியில் மூச்சுவாங்க ஏறிவந்து, அந்த மாதத்து அறிவிப்புகளில் எந்தப் படம் தப்பு, எவன் வயசைக் குறைத்துப் போட்டிருக்கிறது என்று ஃப்ளோரன்ஸிடம் சொல்லிவிட்டுப் போவார். போனமுறை வந்தபோது சொன்னார்.

“த பாரு ஃப்ளோரன்சு. எனக்குன்னு யாரும் கெடையாது. என்கூட கிரேன் ஓட்டின பசங்கோ கீறானுங்கோ. திருவொத்தியூரு, எண்ணூரு, புளியந்தோப்புன்னு ஆளுக்கு ஒரு மூலைல. எவன் நம்பரும் என்னாண்ட இல்ல. ஆனா காலைல அஞ்சு மணிக்கு உன் பக்கத்த பாக்காம ஒருத்தனும் பல்லு வெளக்கமாட்டான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா காலைல போட்டுடு. பொட்டிய தூக்க அவனுங்கோ வரணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“போடுறேண்ணா,” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து மணிக்குப் போட இப்போது அவளுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, சாயந்திரம் ஏழு மணிக்கு, இல்லத்துத் தலைவி சிஸ்டர் கிறிஸ்டினா போன் செய்தார். ஆசீர்வாதம் மாலை ஜெபத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாளை மதியம் மூன்று மணிக்கு அடக்கம். ஃப்ளோரன்ஸ் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இன்றைய ஆறரை தாண்டிவிட்டது. உத்தரவுப்படி போனால் நாளை ஆறரைக்குத்தான் வரும். உத்தரவாவது ஒன்றாவது என்று, படத்தை ஏற்றி, விவரம் எழுதி, ‘தூக்கிச் செல்ல நண்பர்கள் வரவும்’ என்று ஒரு வரியும் சேர்த்து, ஆகஸ்ட் பதிமூன்று, காலை ஐந்து மணி என்று குறித்தாள். திட்டமிடப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை போனாலும் போகட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போய்விட்டாள். கூடத்தில் பெட்டி. சுற்றிலும் முப்பது கிழவர் கிழவிகள், பாதிப் பேர் கையில் தடி, மீதிப் பேர் சக்கர நாற்காலி. ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் வாசலிலேயே நின்றாள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கிரேன்காரன் ஒருத்தனைக் காணோம்.

அதற்குப் பதிலாக அலெக்ஸாண்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கேமரா முக்காலி, அதில் மாட்ட ஒரு போன். சிஸ்டரே காலையில் அவருக்கும் சொல்லியிருக்கிறார். வந்தவர் பெட்டியைப் பார்த்து சிலுவை போட்டுக்கொண்டு, நேரே சிஸ்டரிடம் போனார்.

“சிஸ்டர், ஒரு சின்ன வேண்டுகோள். அடக்கத்த ஆறரைக்கு வச்சுக்க முடியுமா? மூணு மணின்னா ஆஷ்பர்ன்ல காலைல அஞ்சரை. எங்க வாசகர்கள் எழுந்திருக்க மாட்டாங்க. நேரலை போடலாம்னு இருக்கேன்.”

சிஸ்டர் கிறிஸ்டினா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆறு மணிக்குக் கல்லறை கேட்டைப் பூட்டிடுவாங்க. நேத்து சாயந்திரத்திலேந்து ஐஸ் வச்சிருக்கோம். உங்க வாசகருங்க தூங்கட்டும்.”

ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. போனை எடுத்து ‘வடகரை மணி’யைத் திறந்தாள். நேற்றுச் செய்தி இருந்தது. ஆசீர்வாதம் இல்லை. தளத்தின் உள்பக்கத்தில் நுழைந்து பார்த்தாள். அறிவிப்பு அப்படியே கிடந்தது. திட்டமிடப்பட்டது, ஆகஸ்ட் 13, காலை 5:00. கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது. ஐந்து மணி போய் ஏறக்குறைய ஏழே முக்கால் மணி நேரம் ஆகிறது, இன்னும் திட்டமாகவே இருக்கிறது. என்ன கருமம் இது என்று அமைப்புகளைத் திறந்தாள். தளத்தின் இப்போதைய நேரம் என்ற இடத்தில் காலை 3:10 என்று இருந்தது. நேர மண்டலம்: நியூயார்க்.

தளத்தைப் பராமரிக்கும் ரஞ்சித்துக்குப் போன் அடித்தாள். மாதவரத்திலிருந்து வேலை பார்க்கிறவன்.

“ஆமாக்கா, நேத்து மத்தியானம் சார்தான் மாத்தச் சொன்னாரு. ஆஷ்பர்ன்காரங்களுக்கு அவங்க ஊரு தேதி, மணி தெரியணுமாம். நியூயார்க்கு வச்சா ஒண்ணுதான். உங்களுக்குச் சொல்லலியா?”

“இல்லடா ரஞ்சித்.”

“நேத்து மத்தியானத்துக்கு முன்னாடி டைம் வச்சதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா. அதுக்கப்புறம் வச்சது மட்டும் அமெரிக்கா நேரம். அஞ்சுன்னு வச்சிருந்தா இங்க ரெண்டரைக்கு வரும்.”

அவள் போனை வைத்துவிட்டு, அங்கேயே நின்றபடி அறிவிப்பை உடனே வெளியிட்டாள். பன்னிரண்டு நாற்பத்தைந்து. அனலிட்டிக்ஸில் அந்த நிமிஷம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஆஷ்பர்ன் அறுநூற்றுப் பதினொன்று. சென்னை ஒன்பது. இந்த வேளையில் யார் போனைப் பார்ப்பான்? ஷிப்டில் இருக்கிறவன் ஷிப்டில் இருப்பான், கிழவன் சாப்பிட்டுத் தூங்குவான். அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. அலெக்ஸாண்டரிடம் போய் போனை நீட்டினாள்.

“பாருங்க சார். அறுநூறு பேரு வந்துட்டாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அங்க இந்த அதிகாலையிலயா! ஃப்ளோரன்ஸ், நான் சொல்லல?”

அவர் முக்காலியைக் கூடத்தின் மூலையில் நிறுத்தி நேரலையைத் தொடங்கினார். “கடல் கடந்த சொந்தங்களே” என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்து, ஐந்து நிமிஷம் பேசினார். திரையின் மூலையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது. அவர் அதைத் தொட்டுக் காட்டினார்.

“ஒருத்தர் வந்துட்டாரு பாரு. மத்தவங்க பின்னாடியே வருவாங்க.”

ஃப்ளோரன்ஸ் தன் போனில் திறந்திருந்த நேரலைப் பக்கத்தை மூடினாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று, பூஜ்யமானது. அலெக்ஸாண்டர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

இரண்டே முக்காலுக்கு அமரர் ஊர்தி வந்தது. வந்தது என்றால், சந்து முனை வரைதான். அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. பெட்டியைத் தோளில் வைத்துச் சந்து முனை வரை கொண்டுபோக வேண்டும். ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தூக்குறவங்க எங்கம்மா? பெரிய பொட்டி. ஆறு பேராவது வோணும்.”

ஓட்டுநர், அவருடைய கிளீனர், இல்லத்துக் காவலாளி, கோயில் வேலையாள். நான்கு. கிழவர்களில் ஒருவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். சிஸ்டர் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஃப்ளோரன்ஸ் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். ஐந்து. எல்லாரும் அலெக்ஸாண்டரைப் பார்த்தார்கள்.

அவர் முக்காலியைப் பார்த்தார். திரையில் இன்னும் பூஜ்யம்தான். அதை அப்படியே விட்டுவிட்டு வந்து, பெட்டியின் கால்பக்க மூலையில் தோளைக் கொடுத்தார்.

அடேயப்பா, என்ன கனம்! ஊராரின் சரக்கை முப்பத்தெட்டு வருஷம் தூக்கி இறக்கிய உடம்பு, ஒரு ஆறு பேரைத் தேடிப் படுத்திருந்தது. உயரம் ஒத்துவராமல் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. சந்தில் சாக்கடை மூடி ஒன்று உடைந்திருந்தது. அதில் கிளீனரின் கால் சிக்க, மொத்த பாரமும் ஒரு நொடி அலெக்ஸாண்டர் மேல் இறங்கியது. அவர் ஐயோ என்றார். விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டியில் ஏற்றி முடித்தபோது மூச்சு இரைக்க, “ஆளே வரலையே ஃப்ளோரன்ஸ்,” என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரி.

“அஞ்சு மணிக்கு வச்சேன் சார். நீங்க கடிகாரத்த அமெரிக்காவுக்கு மாத்திட்டீங்க. எனக்குச் சொல்லல.”

கோயிலில் பூசை ஆனது. நாலே காலுக்குக் காசிமேடு கல்லறையில் அதே ஆறு பேர் இறக்கினார்கள். குருவானவர் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். குழி வெட்டுகிறவர் மண்ணை இழுத்து மூட ஆரம்பித்தார்.

நாலே முக்காலுக்கு கேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. உள்ளேயிருந்து இறங்கியவர்கள் ஓடிவந்தார்கள். ஓடுகிற வயசு யாருக்கும் இல்லை, ஆனாலும் ஓடினார்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து வந்து கோயில் வாசலில் சேர்ந்தவர்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை. ஒருவர் இன்னும் கம்பெனிக் காவலாளிச் சட்டையைக் கழற்றவில்லை. முன்னால் வந்தவர் மண்மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“மூடிட்டீங்களா?” என்றார். “மொகத்த கூட பாக்கலியேடா ஆசீர்வாதம்,” என்று அவர் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்தார். அவர் பெயர் தாமஸ், திருவொற்றியூர், ஆசீர்வாதத்துக்கு அடுத்த கிரேனில் இருபது வருஷம் இருந்தவர் என்று மாலை வைத்திருந்தவர் ஃப்ளோரன்ஸிடம் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாமஸ் எழுந்தார்.

“மூணு மணிக்கு தூங்கி எந்திரிச்சு பாக்குறேன், போட்டிருக்கு. வாட்ச்மேன் வேல பாக்குற இவன் ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிச்சு, வூட்டுக்கு வந்து பாத்தான். இன்னா பேஜாரு இது? முன்னல்லாம் காலைலயே போடுவாங்களே. ரெண்டு மாசமா எவன் செத்தாலும் பொதைச்சப்புறம்தான் தெர்து. யாரு அந்த பேப்பர நடத்துறது?”

அலெக்ஸாண்டரே முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டையின் தோள் பக்கம் கிழிந்து தொங்கியது.

“நான்தாங்க.”

“நீயா? ஏன் நைனா லேட்டா போடுற?”

“அமெரிக்காவுல படிக்கிறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு…”

“ஆசீர்வாதத்துக்கு அமெரிக்காவுல யாரு கீறாங்க?”

தாமஸ் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட வேலை செய்த ஆளுக்குத் தனக்குத் தெரியாத சொந்தம் எங்கேயாவது இருக்கிறதோ என்று அவர் முகத்தில் ஒரு ஆவல்கூட இருந்தது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தன் வாசகன் ஒருவனை அலெக்ஸாண்டர் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல்தடவை. அவன் பூஜ்யம் செகண்டில் போய்விடவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.

“யாரும் இல்லீங்க,” என்றார். பிறகு, “நீங்கல்லாம் எத்தனை மணிக்குப் பாப்பீங்க? சொல்லுங்க, அந்த நேரத்துக்கே போடச் சொல்றேன்.”

“அஞ்சு மணிக்கு பாப்போம். இனிமே இன்னாத்துக்கு பாக்கணும்? கிரேன்காரன்ல மிச்சம் கீறது இந்த பன்னெண்டு பேருதான்.” தாமஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “டேய், எல்லாம் உங்க நம்பர சொல்லுங்கடா. ஒரு குரூப்பு போட்டுக்கலாம். எவன் போனாலும் அப்பவே ஒருத்தன் ஒருத்தனுக்கு சொல்லிக்கினு வந்துடுவோம். அந்தாள நம்பினு இருந்தா பொணம் தூக்க ஆளு வராது.”

கல்லறை நடுவிலேயே நம்பர் வாங்கிக்கொண்டார்கள். காவலாளிச் சட்டைக்காரர் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, தாமஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் அடித்தார். ஃப்ளோரன்ஸும் தன் நம்பரைக் கொடுத்தாள். “காலைல போடுறேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேங்க,” என்று மட்டும் சொன்னாள். தாமஸ் அவள் தலையில் கை வைத்தார்.

அலெக்ஸாண்டர் ஓரமாக நின்றார். சட்டைப்பையில் இன்னொரு போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கடைசி ஆளும் நம்பர் சொல்லி முடித்தபிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“என்னையும் அதுல சேர்த்துக்குவீங்களா?”

பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். தாமஸ் மட்டும் கண்ணாடியை இறக்கி, கிழிந்த சட்டைக்குள் கன்றிப்போயிருந்த தோளைப் பார்த்தார்.

“பொட்டிய தூக்கினது நீயா?”

“ஆமாங்க.”

“நம்பர சொல்லு.”

அலெக்ஸாண்டர் சொன்னார். பத்து எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் தடுமாறி, முதலிலிருந்து சொன்னார்.